மும்மடங்கு எப்படி இருமடங்காகிறது: தந்தை, மகன் வயதுக் கணக்கை அவிழ்க்கும் வழி

பள்ளிக் கணிதத்தில் ஏறத்தாழ எல்லாரும் ஒருமுறையாவது சந்தித்திருக்கக்கூடிய கணக்கு இது. ஒரு தந்தையின் இப்போதைய வயது அவருடைய மகனின் வயதைப் போல் மூன்று மடங்கு. 15 ஆண்டுகள் கழித்துத் தந்தையின் வயது மகனின் வயதைப் போல் இரண்டு மடங்காக இருக்கும். அப்படியானால் இருவரின் இப்போதைய வயது என்ன?

கணக்கைப் படித்தவுடன் பல மாணவர்களுக்கு ஒரு தயக்கம் வருகிறது. ஆண்டுகள் இருவருக்கும் ஒன்றுபோலத்தான் கூடுகின்றன. தந்தைக்கு 15 கூடினால் மகனுக்கும் 15 கூடுகிறது. அப்படியிருக்க, மூன்று மடங்கு என்பது மூன்று மடங்காகவே நீடிக்காமல் இரண்டாகக் குறைவது எப்படி? இந்தத் தயக்கத்தைத் தீர்த்துக்கொள்ளாமல் நேராகச் சமன்பாட்டுக்குள் இறங்குகிறவர்கள், விடையைச் சரியாகக் கண்டுபிடித்தாலும், எண்களைச் சற்று மாற்றிக் கேட்டால் தடுமாறுகிறார்கள். ஆகவே சமன்பாட்டைச் சிறிது நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, வயதுகள் எப்படி நகர்கின்றன என்பதை முதலில் பார்ப்போம்.

தந்தைக்கு 30 வயதாகும்போது மகன் பிறந்ததாக வைத்துக்கொள்வோம். மகனுக்கு 1 வயதாகும்போது தந்தைக்கு 31. அதாவது 31 மடங்கு. மகனுக்கு 5 வயதில் தந்தைக்கு 35, அப்போது 7 மடங்கு. மகனுக்கு 10 வயதில் தந்தைக்கு 40, அது 4 மடங்கு. 15 வயதில் தந்தைக்கு 45, அது 3 மடங்கு. 30 வயதில் தந்தைக்கு 60, அது 2 மடங்கு. மகன் 60ஐத் தொடும்போது தந்தைக்கு 90. அப்போது ஒன்றரை மடங்குதான். மடங்கு முதலில் வேகமாகச் சரிந்து, பிறகு மெல்ல மெல்ல இறங்குகிறது. எவ்வளவு காலம் சென்றாலும் அது 1ஐ எட்டுவதில்லை, ஏனெனில் மகன் தந்தையை வயதில் பிடித்துவிட முடியாது. ஆனால் இந்த வரிசை முழுவதிலும் ஒன்று மட்டும் அசையவே இல்லை: இருவருக்கும் உள்ள வித்தியாசம் முதலிலிருந்து கடைசிவரை 30தான்.

மடங்கு மாறுகிறது, வித்தியாசம் மாறுவதில்லை. வயதுக் கணக்குகள் யாவும் இந்த ஒரு செய்தியின் மேல் நிற்கின்றன. இருவருக்கும் ஒரே அளவு கூடும்போது வித்தியாசம் அப்படியே நிற்கிறது. ஆனால் அந்த வித்தியாசத்தோடு ஒப்பிடும்போது மகனின் வயது வளர்ந்துகொண்டே போவதால் மடங்கு சுருங்குகிறது.

இப்போது நம் கணக்குக்குத் திரும்பலாம். தாளில் மகனின் இப்போதைய வயதுக்கு ஒரு கட்டம் வரைந்துகொள்ளுங்கள். அந்தக் கட்டத்துக்குள் எந்த எண் இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. தந்தையின் வயது மூன்று மடங்கு என்பதால் அவருக்கு அதே அளவில் மூன்று கட்டங்கள். இருவருக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு கட்டங்கள். இந்த இரண்டு கட்டங்கள் மகன் பிறந்த நாளிலும் இருந்தன, இன்றும் இருக்கின்றன, 15 ஆண்டுகள் கழித்தும் இருக்கும்.

அடுத்து, தந்தையின் வயது மகனைப் போல் இரு மடங்காக இருக்கும் நாளை எண்ணிப் பாருங்கள். ஒருவர் வயது மற்றவர் வயதைப் போல் இரு மடங்கு என்றால், மூத்தவர் இளையவரைவிட எவ்வளவு பெரியவரோ, அவ்வளவுதான் இளையவரின் வயது. 60, 30 என்ற வயதுகளைப் பாருங்கள்: வித்தியாசம் 30, இளையவருக்கும் 30. 50, 25 என்றாலும் அதேதான். எனவே அந்த நாளில் மகனின் வயது வித்தியாசத்துக்குச் சமம். வித்தியாசமோ இரண்டு கட்டங்கள். இன்று ஒரு கட்டமாக இருக்கும் மகன் அன்று இரண்டு கட்டங்களாக இருப்பான். இடையில் அவன் வளர்ந்தது ஒரு கட்டம். அந்த இடைவெளி 15 ஆண்டுகள் என்று கணக்கே சொல்லிவிட்டது. ஆகவே ஒரு கட்டம் என்பது 15. மகனுக்கு இப்போது 15 வயது, தந்தைக்கு 45.

சரிபார்ப்போம். 45 என்பது 15இன் மூன்று மடங்கு. 15 ஆண்டுகள் கழித்து தந்தைக்கு 60, மகனுக்கு 30. 60 என்பது 30இன் இரு மடங்கு. இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறுகின்றன.

ஒரு சமன்பாடுகூட எழுதாமல் விடை கிடைத்துவிட்டது. ஆனாலும் தேர்வில் படிகளை எழுதிக் காட்ட வேண்டியிருக்கும் என்பதாலும், எண்கள் சிக்கலாகும்போது கட்டங்கள் கைகொடுக்காமல் போகலாம் என்பதாலும், சமன்பாட்டு வழியையும் தெரிந்துகொள்வது நல்லது. மகனின் இப்போதைய வயதை x என்று கொள்வோம். தந்தையின் வயது 3x. 15 ஆண்டுகள் கழித்து மகனின் வயது x + 15. தந்தையின் வயது 3x + 15. அந்த நாளில் தந்தையின் வயது மகனின் வயதைப் போல் இரு மடங்கு என்பதை இப்படி எழுதுகிறோம்:

```
3x + 15 = 2(x + 15)
3x + 15 = 2x + 30
3x - 2x = 30 - 15
x = 15
```

முதல் வரியை எழுதி முடிப்பதில்தான் முழுத் திறமையும் இருக்கிறது. மீதி மூன்று வரிகள் வழக்கமான வேலை. ஆகவே அந்த வரியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இடப்பக்கம் தந்தை, வலப்பக்கம் மகன். இருவரின் வயதுகளும் ஒரே நாளுக்குரியவை, அதாவது இன்றிலிருந்து 15 ஆண்டுகள் கழித்து வரும் நாளுக்குரியவை. இருவரில் சிறிய வயது மகனுடையது. ஆகவே பெரிய வயதோடு சமமாக்க வேண்டுமானால் சிறியதைத்தான் 2ஆல் பெருக்க வேண்டும். அப்படிப் பெருக்கும்போது x மட்டுமல்ல, அதோடு கூட்டிய 15உம் இரட்டிக்கிறது. அடைப்புக்குறி அங்கே வருவது அதற்காகத்தான்.

இந்த வரியில் மாணவர்கள் செய்யும் பிழைகள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடுகின்றன. ஒவ்வொரு பிழையும் தனக்கே உரிய ஒரு தவறான விடையைத் தருவதால், விடையைப் பார்த்தே பிழை எங்கே நேர்ந்தது என்று சொல்லிவிட முடியும். விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு இது மிகவும் பயன்படும்.

அடைப்புக்குறியை மறந்துவிட்டு 3x + 15 = 2x + 15 என்று எழுதினால் x = 0 என்று வரும். மகனுக்கு 0 வயது, தந்தைக்கும் 0 வயது. இங்கே 15 ஆண்டுகள் இருவருக்கும் கூட்டப்பட்டிருக்கின்றன, ஆனால் இரட்டித்தது மகனின் இன்றைய வயது மட்டுமே. மகனுக்கு ஆண்டுகளைக் கூட்டவே மறந்து 3x + 15 = 2x என்று எழுதினால் x = -15 வரும். காலம் தந்தைக்கு மட்டும் ஓடியதாகவும் மகன் இன்றைய வயதிலேயே நின்றுவிட்டதாகவும் அந்தச் சமன்பாடு சொல்கிறது. மூன்றாவது பிழை பக்கம் மாறுவது: இரு மடங்கு என்ற சொல் தந்தையின் பெயரோடு சேர்ந்து வருவதைப் பார்த்து, தந்தையின் வயதையே இரட்டித்து 2(3x + 15) = x + 15 என்று எழுதுகிறார்கள். அதைச் சுருக்கினால் 5x = -15, அதாவது x = -3 கிடைக்கும். தந்தையை இரட்டித்தால்தான் மகனுக்குச் சமமாவார் என்று எழுதினால், தந்தை மகனைவிடச் சிறியவர் என்று பொருளாகிறது. அது நடவாதது என்பதால்தான் குறை எண் எட்டிப் பார்க்கிறது.

இம்மூன்றிலும் இன்னொரு செய்தி ஒளிந்திருக்கிறது. கிடைத்த விடையைத் தாம் எழுதிய சமன்பாட்டிலேயே போட்டுச் சரிபார்த்தால் மூன்றுமே சரியாக வந்துவிடும். x = 0 என்பது 3x + 15 = 2x + 15 என்ற சமன்பாட்டை நிறைவு செய்கிறதல்லவா? தவறு சமன்பாட்டைத் தீர்த்ததில் இல்லை, வாக்கியத்தைச் சமன்பாடாக மாற்றியதில் இருக்கிறது. எனவே சரிபார்ப்பதைக் கேள்வியின் வாக்கியங்களோடுதான் செய்ய வேண்டும்: இரு வயதுகளையும் எண்களாக எழுதி, ஆண்டுகளைக் கூட்டி, மடங்கு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

அடுத்ததாக, கணக்கில் கேட்கப்படும் நாள் இரண்டு நிபந்தனைகளுக்கும் இடையில் இருக்கும் வகை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் தந்தையின் வயது மகனின் வயதைப் போல் மூன்று மடங்காக இருந்தது. இன்னும் பத்து ஆண்டுகளில் அது இரு மடங்காகும். இப்போது இருவருக்கும் என்ன வயது? இதில் மாணவர்கள் 10இலிருந்து 5ஐக் கழித்து இடைவெளி 5 என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஒரு நாள் கடந்த காலத்திலும் மற்றொன்று எதிர்காலத்திலும் இருப்பதால், இடைவெளியைக் கூட்டித்தான் பெற வேண்டும்: 5 + 10 = 15. மும்மடங்காக இருந்த நாளுக்கும் இருமடங்காகப் போகும் நாளுக்கும் இடையே 15 ஆண்டுகள். ஆகவே முன்பு கண்ட அதே கட்டக் கணக்கின்படி, மும்மடங்காக இருந்த நாளில் மகனுக்கு 15, தந்தைக்கு 45. அது ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய நிலை. இப்போது மகனுக்கு 20, தந்தைக்கு 50.

இதையே சமன்பாடாக எழுதும்போது x என்பதை எந்த நாளின் வயதாக வைத்துக்கொள்கிறோம் என்பது முக்கியம். இன்றைய வயதாக வைத்தால், தந்தையின் ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய வயது 3(x - 5), அதாவது 3x - 15. அதோடு 5 கூட்டி இன்றைய வயது 3x - 10. மேலும் 10 கூட்டினால் 3x. மகனுக்கு அன்று x + 10. ஆகவே 3x = 2(x + 10) என்று எழுதி x = 20 என்று பெறலாம். மாறாக x என்பதை ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய வயதாக வைத்தால், சமன்பாடு 3x + 15 = 2(x + 15) என்று முதல் கணக்கைப் போலவே அமைந்து x = 15 கிடைக்கும்; கடைசியில் 5ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டும் சரியே. கணக்கு எளிதாகிறது என்பதால் இரண்டாவது வழியையே நான் விரும்புவேன். ஆனால் அந்த வழியில் போகிறவர்கள் கடைசி 5ஐக் கூட்ட மறந்துவிட்டு 15, 45 என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. முதல் வரியிலேயே ‘x என்பது ஐந்து ஆண்டுகளுக்கு முன் மகனின் வயது’ என்று முழு வாக்கியமாக எழுதி வைப்பது இதைத் தடுக்கும்.

இவ்வளவும் படித்தவர்கள் ஒரு குறுக்குவழியைக் கவனித்திருப்பார்கள். மூன்று மடங்கிலிருந்து இரண்டு மடங்குக்குச் செல்ல எத்தனை ஆண்டுகள் ஆகின்றனவோ, அதுவே மும்மடங்கு நாளில் மகனின் வயது. இடைவெளி 12 என்றால் மகனுக்கு 12, தந்தைக்கு 36. இடைவெளி 14 என்றால் மகனுக்கு 14, தந்தைக்கு 42. விரைவாக விடை சொல்ல வேண்டிய போட்டித் தேர்வுகளில் இது கைகொடுக்கும். ஆனால் இதைப் பொது விதியாக மனப்பாடம் செய்துவிடக் கூடாது. நான்கு மடங்கு இரண்டு மடங்காகும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மகன் ஒரு கட்டம், தந்தை நான்கு கட்டங்கள், வித்தியாசம் மூன்று கட்டங்கள். இரு மடங்காகும் நாளில் மகனின் வயது வித்தியாசத்துக்குச் சமம், அதாவது மூன்று கட்டங்கள். அவன் வளர்ந்தது இரண்டு கட்டங்கள். இடைவெளி 20 ஆண்டுகள் என்றால் ஒரு கட்டம் 10. மகனுக்கு 10, தந்தைக்கு 40. குறுக்குவழியை அப்படியே போட்டிருந்தால் மகனுக்கு 20, தந்தைக்கு 80 என்று வந்து, 20 ஆண்டுகள் கழித்து 40, 100 என்று முடிந்திருக்கும். மாறாக, ஐந்து மடங்கு மூன்று மடங்காகும் கணக்கில் அதே குறுக்குவழி மறுபடியும் பொருந்துகிறது: மகனுக்கு 7, தந்தைக்கு 35 என்றால், 7 ஆண்டுகள் கழித்து 14, 42. எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதைக் கட்டங்களை வரைந்தால் உடனே கண்டுகொள்ளலாம். ஆகவே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது வரைபடத்தைத்தான்.

கேள்வி தயாரிக்கும் ஆசிரியர்களுக்கும் இந்த வரைபடம் ஓர் எச்சரிக்கை தருகிறது. மும்மடங்கு நாளில் வித்தியாசம் இரண்டு கட்டங்கள் என்பதால், மகன் பிறந்தபோது தந்தைக்கு இருந்த வயது, மும்மடங்கு நாளில் மகனுக்கு இருக்கும் வயதைப் போல் இரு மடங்கு. இடைவெளியை 6 ஆண்டுகள் என்று கொடுத்துவிட்டால் மகனுக்கு 6, தந்தைக்கு 18 என்று கணிதப்படி சரியான விடை வரும். ஆனால் மகன் பிறந்தபோது தந்தைக்கு வயது 12! இந்தியாவில் ஆணின் சட்டப்படியான திருமண வயது 21. வித்தியாசம் அதற்குக் குறையாமல் இருக்க வேண்டுமானால், முழு எண்ணில் மகனின் வயது 11 அல்லது அதற்கு மேல் இருக்கும்படி எண்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனி, விடை குறை எண்ணாக வந்தாலும் பிழை இல்லாத ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். அகஸ்டஸ் டி மார்கன் என்ற கணிதவியலாளரின் பெயர், கணங்களைப் பற்றிய பாடத்தில் வரும் டி மார்கன் விதிகள் மூலம் நம் மாணவர்களுக்குத் தெரிந்ததுதான். அவர் பிறந்தது மதுரையில், 1806இல். கைக்குழந்தையாக இருக்கும்போதே அவருடைய குடும்பம் இங்கிலாந்துக்குச் சென்றுவிட்டது. 1831இல் வெளியான தம் நூல் ஒன்றில் அவர் இப்படி ஒரு கணக்கைக் கொடுத்தார்: தந்தைக்கு 56 வயது, மகனுக்கு 29 வயது; தந்தையின் வயது மகனின் வயதைப் போல் இரு மடங்காவது எப்போது?

```
56 + x = 2(29 + x)
56 + x = 58 + 2x
x = -2
```

எதிர்காலத்தில் -2 ஆண்டுகள் என்பது பொருளற்றது என்றே டி மார்கன் கருதினார். கேள்வியை ‘எத்தனை ஆண்டுகளுக்கு முன்’ என்று மாற்றிக் கேட்டிருக்க வேண்டும், அப்போது விடை 2 என்று நேராக வரும் என்பது அவர் விளக்கம். குறை எண்களை அக்காலத்துக் கணிதவியலாளர்கள் சிலர் எவ்வளவு ஐயத்தோடு பார்த்தார்கள் என்பதற்கு இது ஒரு சான்று. இன்று நாம் அவ்வளவு சிரமப்பட வேண்டியதில்லை: x என்பது இன்றிலிருந்து கழியும் ஆண்டுகளைக் குறிப்பதால், -2 என்பது இரண்டு ஆண்டுகளுக்கு முன் என்று பொருள்படும். நம் வித்தியாச வழியில் இது இன்னும் தெளிவாகிறது. வித்தியாசம் 27, இரு மடங்காகும் நாளில் மகனுக்கு 27 வயது இருக்க வேண்டும், மகனுக்கோ இப்போதே 29. ஆகவே அந்த நாள் கடந்துபோய்விட்டது, அன்று தந்தைக்கு 54.

இந்த இடத்தில் முன்பு கண்ட -15, -3 என்ற விடைகளை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே x குறித்தது மகனின் வயதை. வயது குறை எண்ணாக இருக்க முடியாது என்பதால் அது பிழையின் அடையாளம். இங்கே x குறிப்பது காலத்தை. காலம் முன்னும் செல்லலாம், பின்னும் செல்லலாம்.

இந்தக் கணக்குகள் எல்லாவற்றிலும் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளப்படும் ஒன்று உண்டு: தந்தையும் மகனும் ஒரே நாளில் பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள் என்பது போலவே கணக்கு நடக்கிறது. நடைமுறையில் நாம் வயதை நிறைவடைந்த ஆண்டுகளாகச் சொல்வதால், சொல்லும் வயதுகளின் வித்தியாசம் ஆண்டுக்குள்ளேயே ஒன்று கூடியும் குறைந்தும் நிற்கும். 1975 அக்டோபரில் பிறந்த தந்தையையும் 2005 ஜூனில் பிறந்த மகனையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2015 ஜூலையில் கேட்டால் தந்தைக்கு 39, மகனுக்கு 10, வித்தியாசம் 29. அதே ஆண்டு நவம்பரில் கேட்டால் தந்தைக்கு 40, மகனுக்கு 10, வித்தியாசம் 30. உண்மையான வித்தியாசம் ஏறத்தாழ 29 ஆண்டு 8 மாதம் என்பதால், தந்தையின் வயது மகனைப் போல் சரியாக இரு மடங்காவது 2035 பிப்ரவரி வாக்கில். அன்று அவர்களிடம் வயதைக் கேட்டால் 59 என்றும் 29 என்றும் சொல்வார்கள். அது இரு மடங்கு இல்லை. ஆனால் 2034 ஜூலையில் கேட்டிருந்தால் 58, 29 என்றும், 2035 நவம்பரில் கேட்டால் 60, 30 என்றும் சொல்வார்கள். சொல்லும் வயதின்படி இரு மடங்கு இரண்டு முறை வருகிறது, உண்மையில் இரு மடங்காகும் நாளில் மட்டும் வருவதில்லை.